பத்து மடங்கா, நூறு மடங்கா? காரைத் தூக்கும் நீரியல் தூக்கிக் கணக்கு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பதினோராம் வகுப்பு இயற்பியலில் பாஸ்கல் விதியை நடத்தி முடித்த வாரத்தில் மாணவர்களுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். காரைத் தூக்கும் நீரியல் தூக்கி ஒன்றில் சிறிய பிஸ்டனின் விட்டம் 3 செ.மீ., பெரிய பிஸ்டனின் விட்டம் 30 செ.மீ. பெரிய பிஸ்டன்மீது 1500 கிலோகிராம் நிறையுள்ள கார் நிற்கிறது, அதை 1.8 மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டும். சிறிய பிஸ்டனில் எவ்வளவு விசை கொடுக்க வேண்டும், அந்தப் பிஸ்டன் மொத்தமாக எவ்வளவு தொலைவு நகர வேண்டும், கார் உச்சிக்குச் சென்றபின் அதே விசை போதுமா என்பவை மூன்று கேள்விகள். எண்ணெயின் அடர்த்தி கன மீட்டருக்கு 870 கிலோகிராம், புவியீர்ப்பு முடுக்கம் 9.8 எனக் கொள்ளலாம்; உராய்வையும் பிஸ்டன்களின் எடையையும் விட்டுவிடலாம்; தொடக்கத்தில் இரண்டு பிஸ்டன்களும் ஒரே மட்டத்தில் உள்ளன என்றும் குறிப்பிட்டிருந்தேன்.

வந்த விடைத்தாள்களில் ஒரு மாணவியினுடையதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அவள் கவனக்குறைவானவள் அல்லள். விடையைத் தானே சரிபார்த்து, சரிதான் என்று உறுதியும் செய்திருந்தாள். அப்படியிருந்தும் மூன்று விடைகளுமே தவறாக இருந்தன என்பதுதான் அந்தத் தாளை நான் மீண்டும் மீண்டும் படித்ததற்குக் காரணம்.

அவள் எழுதியது சுருக்கமாக இதுதான். பெரிய பிஸ்டன் சிறியதைப்போல் 10 மடங்கு. ஆகவே விசையும் 10 மடங்காகப் பெருகும். காரின் எடை 1500 × 9.8 = 14,700 நியூட்டன். எனவே சிறிய பிஸ்டனில் 1,470 நியூட்டன் போதும். விசை 10 மடங்கு குறைந்தால் தொலைவு 10 மடங்கு கூட வேண்டும் என்பதால் சிறிய பிஸ்டன் 18 மீட்டர் நகர வேண்டும். பாஸ்கல் விதிப்படி திரவம் முழுவதும் அழுத்தம் ஒன்றே என்பதால் கார் எந்த உயரத்தில் இருந்தாலும் விசை மாறாது. இறுதியில் ஒரு சரிபார்ப்பும் செய்திருந்தாள்: காரின்மீது செய்யப்பட்ட வேலை 14,700 × 1.8 = 26,460 ஜூல்; சிறிய பிஸ்டனில் செய்த வேலை 1,470 × 18 = 26,460 ஜூல்; இரண்டும் சமம், எனவே விடை சரி.

இந்தக் கடைசி வரிதான் கவனிக்கத்தக்கது. ஆற்றல் அழிவின்மையைக் கொண்டு விடையைச் சரிபார்க்கும்படி வகுப்பில் சொன்னவன் நானே. ஆனால் அந்தச் சரிபார்ப்பால் இந்தத் தவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு விகிதத்தை எடுத்து விசையை அதனால் வகுத்து, தொலைவை அதனாலேயே பெருக்கினால், பெருக்கற்பலன் எப்போதும் பழைய எண்ணாகவே திரும்பி வரும். விகிதம் 10 ஆனாலும் 100 ஆனாலும் 37 ஆனாலும் 26,460 ஜூல்தான் கிடைக்கும். ஆகவே அவளுடைய சரிபார்ப்பு எந்திரத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அவள் வகுத்தலையும் பெருக்கலையும் பிழையின்றிச் செய்தாள் என்பதை மட்டுமே சொன்னது.

தவற்றைக் காட்டிக்கொடுக்கும் அளவு அழுத்தம். இரண்டு உருளைகளிலும் ஒரே மட்டத்தில் அழுத்தம் சமமாக இருக்க வேண்டும் என்பதே இந்த எந்திரத்தின் அடிப்படை. இதை அவளுடைய விடையில் பொருத்திப் பார்ப்போம். பெரிய பிஸ்டனின் ஆரம் 0.15 மீட்டர், பரப்பு π × 0.15², அதாவது 0.0707 சதுர மீட்டர். 14,700 நியூட்டனை இதனால் வகுத்தால் ஏறத்தாழ 2,08,000 பாஸ்கல் கிடைக்கிறது. சிறிய பிஸ்டனின் பரப்பு 0.000707 சதுர மீட்டர். அவள் சொன்ன 1,470 நியூட்டனை இதனால் வகுத்தால் 20,80,000 பாஸ்கல். ஒரு குழாயால் இணைந்த இரண்டு உருளைகளில், ஒரே மட்டத்தில், ஒரு பக்கம் மற்றொன்றைப்போல் பத்து மடங்கு அழுத்தம் இருக்குமானால் எண்ணெய் அமைதியாக நிற்காது. உயர் அழுத்தப் பக்கத்திலிருந்து தாழ் அழுத்தப் பக்கத்துக்குப் பாய்ந்து காரை வேகமாக மேலே எறியும்.

கன அளவும் இதையே வேறு வழியில் சொல்கிறது. கார் 1.8 மீட்டர் உயர வேண்டுமானால் பெரிய பிஸ்டனுக்குக் கீழே 0.0707 × 1.8 = 0.127 கன மீட்டர், அதாவது 127 லிட்டர் எண்ணெய் புதிதாக வந்து நிரம்ப வேண்டும். அவளுடைய சிறிய பிஸ்டன் 18 மீட்டர் நகர்ந்து தள்ளுவதோ 12.7 லிட்டர் மட்டுமே. மீதி 114 லிட்டருக்கு மேல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடைத்தாளில் இடமே இல்லை.

அவளை அழைத்து, வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது தெரியாதா என்று கேட்டேன். தெரியும் என்றாள். சூத்திரத்தையும் சொன்னாள். பிறகு கரும்பலகையில் நான் வரைந்திருந்த படத்தைக் காட்டி, "சார், படத்தில் இது அதைவிட பத்து மடங்குதானே அகலமாக இருக்கிறது?" என்றாள். அவள் சொன்னது முற்றிலும் உண்மை. நாம் அனைவரும் இந்த எந்திரத்தைப் பக்கவாட்டில் வெட்டிய தோற்றத்தில், ஒரு குறுகிய செவ்வகமும் ஓர் அகன்ற செவ்வகமும் அடியில் ஒரு குழாயும் என்று வரைகிறோம். அந்தத் தோற்றத்தில் பிஸ்டன் என்பது ஒரு கோடு. கோட்டுக்கு நீளம் மட்டுமே உண்டு. தாளுக்குப் பின்னால் செல்லும் ஆழம் படத்தில் இல்லாததால், பெரிய பிஸ்டன் அந்தத் திசையிலும் பத்து மடங்கு நீள்கிறது என்பது கண்ணில் படுவதில்லை. அவள் படத்தைச் சரியாகப் படித்திருக்கிறாள். படத்தில்தான் பாதிச் செய்தி இல்லை. அதன்பின் இந்தப் படத்தை வரையும்போதெல்லாம் மேலிருந்து பார்த்தால் தெரியும் இரண்டு வட்டங்களையும் அருகிலேயே வரைந்துவிடுகிறேன். 30 செ.மீ. வட்டத்துக்குப் பக்கத்தில் 3 செ.மீ. வட்டம் எவ்வளவு அற்பமாகத் தெரிகிறது என்பதைப் பார்த்தபின் யாரும் பத்து மடங்கு என்று எழுதுவதில்லை.

எனவே கணக்கை விகிதத்திலிருந்து தொடங்காமல் அழுத்தத்திலிருந்து தொடங்கச் சொன்னேன். கார் பெரிய பிஸ்டன்மீது நிற்பதால் எண்ணெயில் உருவாகும் அழுத்தம் 2.08 × 10⁵ பாஸ்கல். அந்த அழுத்தம் சிறிய பிஸ்டனின் அடியிலும் இருக்கிறது. அதை அதன் பரப்பால் பெருக்கினால் 147 நியூட்டன். விகிதமாக எழுதினால்,

F1 = F2 × (d1/d2)² = 14700 × (3/30)² = 147 N

இது ஏறத்தாழ 15 கிலோகிராம் எடையைத் தாங்கும் விசை. ஒரு சிறுவன் தன் கையால் அழுத்தக்கூடிய அளவு. அழுத்தத்தின் மதிப்பையும் சற்று நின்று பார்க்கலாம்: 2.08 × 10⁵ பாஸ்கல் என்பது ஏறக்குறைய 30 பி.எஸ்.ஐ.; பெட்ரோல் நிலையத்தில் காரின் டயருக்குக் காற்றடிக்கும்போது மீட்டரில் காணும் எண்ணும் இதை ஒட்டியதே. அதனால்தான் பெரிய விட்டமுள்ள தூக்கிகளில் எண்ணெயின்மீது சாதாரணக் கம்ப்ரசர் காற்றைச் செலுத்தியே காரை உயர்த்த முடிகிறது. காரைத் தூக்குவது பிரம்மாண்டமான அழுத்தம் அன்று. டயரில் உள்ள அளவு அழுத்தம் பெரிய பரப்பின்மீது செயல்படுவதே.

வளிமண்டல அழுத்தத்தையும் சேர்க்க வேண்டாமா என்று இன்னொரு மாணவன் அப்போது கேட்டான். அவன் தன் தாளில் காரின் பக்கத்தில் மட்டும் அதைச் சேர்த்து ஏறத்தாழ 219 நியூட்டன் என்று விடை பெற்றிருந்தான். காற்று இரண்டு பிஸ்டன்களின் மேற்புறத்தையும் ஒரே அழுத்தத்தில் அமுக்குகிறது; ஆகவே சமன்பாட்டின் இரு பக்கமும் அது வந்து நீங்கிவிடுகிறது. நாம் கணக்கிட்ட 2.08 × 10⁵ பாஸ்கல் வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தம் மட்டுமே.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். பரப்புகளின் விகிதம் 100 என்பதால் சிறிய பிஸ்டன் 1.8 × 100 = 180 மீட்டர் நகர வேண்டும். இந்த எண்ணைக் கேட்டதும் வகுப்பு முழுவதும் சிரித்தது. அறுபது மாடி உயரத்துக்கு ஓர் உருளை எங்கே இருக்கும்? இந்த இடத்தில் பாடப்படம் நமக்குக் காட்டாத மற்றொரு பகுதி தேவைப்படுகிறது. உண்மையான தூக்கியில் சிறிய பிஸ்டன் ஒரே வீச்சில் நகர்வதில்லை. கைபம்பின் பிஸ்டனைப்போல் மேலும் கீழும் பலமுறை சென்று வருகிறது. அது மேலேறும்போது தொட்டியிலிருந்து எண்ணெயை ஒருவழி வால்வு மூலம் இழுத்துக்கொள்கிறது. கீழிறங்கும்போது அந்த வால்வு மூடிக்கொள்ள, இன்னொரு ஒருவழி வால்வு திறந்து எண்ணெயைப் பெரிய உருளைக்குள் அனுப்புகிறது. ஒரு வீச்சு 20 செ.மீ. என்று கொண்டால் ஒவ்வொரு வீச்சுக்கும் 141 மில்லிலிட்டர் எண்ணெய் போகும். கார் 2 மில்லிமீட்டர் உயரும். மொத்தம் 900 வீச்சுகள். ஒரு வீச்சுக்கு இரண்டு விநாடி என்றாலும் அரை மணி நேரம் ஆகும். 147 நியூட்டன் என்ற சிறிய எண்ணுக்கு நாம் கொடுக்கும் விலை இந்த 900.

இந்த இரண்டாவது ஒருவழி வால்வு செய்யும் வேலையை மாணவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கார் மேலே நிற்கும்வரை 147 நியூட்டனை யாரோ விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் பலர் எண்ணுகிறார்கள். அப்படியில்லை, பிஸ்டனிலிருந்து கையை எடுத்தாலும் பெரிய உருளையின் எண்ணெய் வால்வைத் தானே அழுத்தி மூடிக்கொண்டு காரைத் தாங்கும். ஆனால் அந்த வால்வின் இருக்கையில் ஒரு மணல் துகள் சிக்கினாலோ பெரிய பிஸ்டனின் ஆயில் சீல் தேய்ந்தாலோ கார் மெல்ல மெல்ல இறங்கும். அதனால்தான் ஒர்க்‌ஷாப் லிஃப்டுகளில் இரும்புப் பூட்டுகள் தனியாக உண்டு. கார் உயர்ந்தபின் சுமையை அந்தப் பூட்டுகள்மீது இறக்கி வைத்த பின்னரே மெக்கானிக் அடியில் செல்வார். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

பாஸ்கல் இதையெல்லாம் தெளிவாகவே கண்டிருந்தார். அவர் 1662இல் மறைந்தார். திரவங்களின் சமநிலை பற்றிய அவருடைய நூல் அதற்கு அடுத்த ஆண்டு வெளியானது. அதில் அவர் எடுத்துக்கொண்ட விகிதமும் தற்செயலாக நம் கணக்கில் வந்த அதே நூறுதான்: ஒரு பாத்திரத்தின் இரு திறப்புகளில் ஒன்று மற்றதைப்போல் நூறு மடங்கு பெரிதாயின், சிறியதை அழுத்தும் ஒருவர் பெரியதை அழுத்தும் நூறு பேருக்கு ஈடாவார் என்கிறார். அங்கே பேசப்படுவது திறப்பின் பரப்பு, விட்டம் அன்று. விசை எந்த அளவு பெருகுகிறதோ அந்த அளவு பாதையும் நீள்கிறது என்பதையும் அவரே சேர்த்துச் சொல்கிறார். இந்த எண்ணம் நடைமுறையில் பயன்படும் எந்திரமாவதற்கு நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இங்கிலாந்தில் ஜோசப் பிராமா 1795இல் நீரியல் அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய பட்டறையிலும் கடினமாக இருந்தது விசைப்பெருக்கம் அன்று, பிஸ்டனுக்கும் உருளைக்கும் இடையே திரவம் கசியாமல் தடுப்பதே. அழுத்தம் கூடக்கூடத் தானே இறுகிக்கொள்ளும் தோல் வளையம் அதற்குத் தீர்வாக அமைந்தது.

மூன்றாவது கேள்வியில் அவள் செய்த தவறு முதல் தவற்றைவிட ஆழமானது என்று நினைக்கிறேன். திரவம் முழுவதும் அழுத்தம் ஒன்றே என்று பாஸ்கல் விதி சொல்லவில்லை. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தத்தில் ஏற்படும் மாற்றம் குறையாமல் எல்லா இடங்களுக்கும் பரவும் என்றே சொல்கிறது. மாற்றம் என்ற அந்தச் சொல்லை விட்டுவிட்டால் ஒரு கிணற்றின் அடியிலும் மேலும் நீரழுத்தம் ஒன்றே என்ற முடிவுக்கு வர வேண்டியிருக்கும். திரவத்தில் கீழே செல்லச் செல்ல அழுத்தம் கூடுகிறது. அந்த வேறுபாட்டின்மீது, நாம் கொடுக்கும் கூடுதல் அழுத்தம் எல்லா இடத்திலும் சமமாகச் சேர்கிறது.

கார் உச்சியில் இருக்கும்போது பெரிய பிஸ்டன் சிறியதைவிட 1.8 மீட்டர் மேலே உள்ளது. பெரிய பிஸ்டனின் அடியில் அதே 2.08 × 10⁵ பாஸ்கல்தான் தேவை. ஏனெனில் காரின் எடை மாறவில்லை. ஆனால் சிறிய பிஸ்டனின் மட்டத்தில், இடையிலுள்ள எண்ணெய்த் தூணின் அழுத்தமும் சேர்கிறது. அது 870 × 9.8 × 1.8 = ஏறத்தாழ 15,350 பாஸ்கல். இதைச் சிறிய பிஸ்டனின் பரப்பால் பெருக்கினால் 10.9 நியூட்டன். ஆகவே கடைசி வீச்சுகளில் தேவைப்படும் விசை 147 அன்று, ஏறக்குறைய 158 நியூட்டன். அதாவது ஏழு சதவீதத்துக்குச் சற்று அதிகம். உராய்வைவிடச் சிறிய திருத்தம்தான் இது. ஆயினும் கணக்கில் எண்ணெயின் அடர்த்தி கொடுக்கப்பட்டிருக்கும்போது அது எதற்காக என்று கேட்காமல் கடந்துபோகக் கூடாது.

இந்தக் கூடுதல் விசை எங்கே செலவாகிறது என்பதையும் அவளையே கண்டுபிடிக்கச் சொன்னேன். மேலேறுவது கார் மட்டும் அன்று. பெரிய உருளைக்குள் புகுந்த 127 லிட்டர் எண்ணெயும் ஏறியிருக்கிறது. அதன் நிறை ஏறத்தாழ 111 கிலோகிராம். அதன் நிறைமையம் 1.8 மீட்டரில் பாதியான 0.9 மீட்டர் உயர்ந்துள்ளது. 110.7 × 9.8 × 0.9 என்று பெருக்கினால் 976 ஜூல். சிறிய பிஸ்டன் பக்கத்திலிருந்து பார்த்தால், கூடுதல் விசை சுழியில் தொடங்கி 10.85 நியூட்டனில் முடிகிறது, சராசரி 5.42 நியூட்டன்; 180 மீட்டரால் பெருக்கினால் அதே 976 ஜூல். இந்த முறை ஆற்றல் சரிபார்ப்பு உண்மையாகவே ஒரு செய்தியைச் சொன்னது, ஏனென்றால் இரண்டு எண்களும் தனித்தனி வழிகளில் வந்தவை. ஒரு பக்கம் எண்ணெயின் நிறையிலிருந்தும் மறுபக்கம் அழுத்தத்திலிருந்தும் தொடங்கி ஒரே இடத்தில் சந்தித்தன.

மறுநாள் ஆய்வகத்தில் 5 மி.லி. சிரிஞ்ச் ஒன்றையும் 50 மி.லி. சிரிஞ்ச் ஒன்றையும் குட்டையான ரப்பர்க் குழாயால் இணைத்து, நீர் நிரப்பிக் கொடுத்தேன். சிரிஞ்சின் உள்விட்டத்தை அளப்பது கடினம். ஆனால் பரப்பு விகிதத்தை அறிய அது தேவையே இல்லை. 5 மி.லி. நீரைத் தள்ளச் சிறிய சிரிஞ்சின் தண்டு ஏறத்தாழ 44 மி.மீ. நகர்ந்தது, பெரியதன் தண்டு 7.5 மி.மீ. உயர்ந்தது. இரண்டுக்கும் உள்ள விகிதமான ஏறத்தாழ 6 தான் பரப்பு விகிதம். பெரிய சிரிஞ்சின் தண்டுமீது 1 கிலோகிராம் எடையை வைத்தால் சிறியதன்மீது 170 கிராம் போதும் என்று கணக்குச் சொன்னது. உண்மையில் அரைக் கிலோவை நெருங்கிய பின்னரே நகரத் தொடங்கியது. ரப்பர் அடைப்புகளின் உராய்வு அவ்வளவு பெரியது. எடையை எடுத்தபின் தண்டு தானாகக் கீழே வராததும் அதனால்தான். தொலைவு விகிதம் கணக்கோடு நன்றாகப் பொருந்தியது, விசை விகிதம் பொருந்தவில்லை என்ற இந்த வேறுபாடே ஆய்வில் மிகவும் பயனுள்ள பகுதி: உராய்வு விசையைத் தின்னும், ஆனால் நீரின் கன அளவைத் தின்ன முடியாது. குழாயில் ஒரு காற்றுக்குமிழி தங்கிவிட்ட குழுவுக்கு மட்டும் தொலைவு விகிதமும் பொருந்தவில்லை. சிறிய தண்டு சற்று நகர்ந்தும் பெரியது அசையவில்லை; குமிழி சுருங்கிக்கொண்டது. லிஃப்டில் காற்று புகுந்தால் அது பஞ்சை அழுத்துவதுபோல் தளர்வாக இயங்குவதும் இதே காரணத்தால்.

கையால் 900 வீச்சு அடிப்பது நடவாத செயல் என்பதால் இன்றைய லிஃப்டுகளில் சிறிய பிஸ்டனின் இடத்தில் மோட்டார் சுழற்றும் பம்பு இருக்கிறது. உருளையும் 30 செ.மீ. அகலம் இல்லை. அதே காரை 6 செ.மீ. விட்டமுள்ள ஒரே உருளையால் தூக்குவதாகக் கொண்டால் பரப்பு 25இல் ஒரு பங்காகிவிடும். 127 லிட்டருக்குப் பதில் 5 லிட்டரைச் சற்றே தாண்டிய எண்ணெய் போதும். அதற்கு ஈடாக அழுத்தம் 25 மடங்காகி ஏறத்தாழ 52 × 10⁵ பாஸ்கல் ஆகும். தொட்டி சிறியதாகிறது, சீலும் குழாயும் வலுவாக வேண்டியிருக்கிறது. அழுத்தத்தை முதலில் கணக்கிடும் பழக்கம் உள்ளவருக்கு இந்தப் பேரம் உடனே விளங்கும். விகிதத்தை மட்டும் வைத்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

இரண்டு வாரம் கழித்து அதே கணக்கைப் பெரிய பிஸ்டனின் விட்டத்தை 20 செ.மீ. என்று மட்டும் மாற்றி அந்த மாணவிக்குக் கொடுத்தேன். முதல் வரியில் அழுத்தம் 4.68 × 10⁵ பாஸ்கல் என்று எழுதினாள், அதிலிருந்து விசை 331 நியூட்டன் என்றாள், எண்ணெய் 56.5 லிட்டர், வீச்சுகள் 400 என்றாள். மூன்றாவது கேள்விக்கு, கார் உச்சியில் நிற்கும்போது கூடும் விசை இப்போதும் 10.9 நியூட்டன்தான் என்று எழுதி, அது உயரத்தையும் சிறிய பிஸ்டனின் பரப்பையும் மட்டுமே பொறுத்தது, பெரிய பிஸ்டன் எவ்வளவு அகலம் என்பது அதற்குத் தெரியாது என்று பக்கத்தில் குறித்திருந்தாள்.